மூன்று பேர் வேலை செய்யும் கடையில் ஒருவரை நிறுத்துவது எப்படி?

ஊரில் சிறு கடை, சிறு தொழில் நடத்தும் சகோதர சகோதரிகளுக்காக இதை எழுதுகிறோம். நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் என்று சொல்வது ராத்தா, மச்சான், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மாலையில் கணக்கு எழுத வருகிறவர் என எங்கள் மூவரையும்தான். போட்டோ கொப்பி, பைண்டிங், லெமினேட், கொஞ்சம் எழுதுபொருள் என்று ஒரு சிறிய கடை. மச்சான்தான் முதலாளி. சம்பளத்துக்கு மூன்று பேர் வேலை செய்தார்கள். அதில் ஒரு தம்பியை மூன்று மாத முயற்சிக்குப் பிறகு வேலையிலிருந்து நிறுத்தினோம். இன்றைக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே போடுகிறோம். ஆளை அடையாளம் காட்டும் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். தயவுசெய்து யாரென்று தேட வேண்டாம்.

ஏன் எழுதுகிறோம் என்றால், இந்த விஷயம் ஊரில் நடக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். வேலை சரியில்லை என்று முதலாளிக்கு மனதில் பட்டுவிடும். அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல மாட்டார். மனைவியிடம் சொல்வார், பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்வார், அந்தப் பிள்ளையின் சாச்சாவிடமும் சொல்வார். கடையில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். சாடையாகக் குத்திப் பேசுவார். பிறகு ஒருநாள் பெரிய கஸ்டமர் ஒருவர் சத்தம் போட்டுவிட்டுப் போன சூட்டில் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு இரவே இரண்டு குடும்பத்துக்கும் பகை. கடைசி மாதச் சம்பளம் யார் மூலமாகவோ போய்ச் சேரும், சிலவேளை சேராது.

பெரிய கம்பனியில் இதைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது. வேலையிழந்தவர் அந்த அதிகாரியைத் திரும்பக் காணாமலே வாழலாம். நம்மூரில் அப்படி முடியாது. கல்யாண வீட்டில் ஒரே சஹனில் உட்கார வேண்டி வரும். அதனால் சிறு கடைக்காரர்தான் இதைக் கூடுதல் ஒழுங்கோடு செய்ய வேண்டும். எங்கள் அனுபவத்தில் விளங்கிய ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நிறுத்துகிற அந்த நாளில் அந்தப் பிள்ளைக்குப் புதிய செய்தி எதுவும் இருக்கக்கூடாது. எல்லாம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான வேலை முழுவதும் அதற்கு முந்திய வாரங்களில்தான் இருக்கிறது.

*முதலில் ஒரு கொப்பி*

அந்தத் தம்பி எங்களிடம் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல். நல்ல பிள்ளை. கஸ்டமர்களோடு, விசேஷமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு, பேசும் விதம் யாருக்கும் வராது. ஆனால் வேலை திரும்பி வந்துகொண்டே இருந்தது. பக்கம் மாறி பைண்ட் பண்ணிய புத்தகம், 40 கேட்ட இடத்தில் 36 கொப்பி, ஒரு பக்கம் விட்டுப்போன வினாத்தாள். மச்சான் “எப்பவும் பிழைதான்” என்றார். ராத்தா “இல்லை, எல்லாரும்தான் பிழை விடுறாங்க, நீங்கள் அவனை மட்டும் பார்க்கிறீங்க” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் எண்ணிப் பார்க்காத பேச்சு. ஆகவே 80 பக்க கொப்பி ஒன்றை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தோம். திரும்பச் செய்ய வேண்டி வந்த ஒவ்வொரு வேலையையும் அதில் எழுதுவது. திகதி, என்ன வேலை, யார் செய்தது, என்ன பிழை என்ற நாலே விஷயம். மூன்று பேருக்கும் பொதுவாக, மூன்று பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்கினோம். ஒருவரை மட்டும் ஒளித்திருந்து எழுதினால் அது கணக்காகாது, வேவு பார்ப்பதாகிவிடும்.

இரண்டு வாரத்தில் அந்தத் தம்பி செய்த 64 ஓடரில் 13 திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட அதே அளவு வேலை செய்த மற்ற இருவருக்கும் 3, 4 என்று வந்தது. அதாவது மச்சான் சொன்னதுபோல “எப்பவும்” இல்லை. ராத்தா சொன்னதுபோல எல்லோரும் ஒரே மாதிரியும் இல்லை. இதோடு ஐந்து நாட்கள் 7.30க்கு வர வேண்டியவர் 8 மணிக்குப் பிறகு வந்திருந்தார்.

*பிழை ஒன்று, காரணம் வேறு வேறு*

பிள்ளைகளின் கொப்பி திருத்துகிற எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பிள்ளை 20 கணக்கில் 8 பிழை விட்டால் “கணக்கு வராது” என்று எழுதிவிட முடியாது. எந்தப் படியில் பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். கல்வியியற் கல்லூரியில் பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைக் கொப்பியையும் அப்படியே பார்த்தோம்.

வேலை சரியாக நடக்காததற்குப் பொதுவாக மூன்று காரணம்தான். என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்படாமல் இருக்கலாம். தெளிவாகத் தெரிந்தும் செய்யும் திறன் இல்லாமல் இருக்கலாம். அல்லது தெரிந்தும், திறன் இருந்தும், வேறு ஏதோ ஒன்று குறுக்கே நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. முதலாவதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது அநியாயம். மூன்றாவதற்குப் பயிற்சி கொடுப்பது வீண்.

எண்ணிக்கை குறைந்த பிழைகளில் பாதி, வட்ஸ்அப்பில் வந்த ஓடர்கள். ஒருவர் வாசித்துச் சொல்ல மற்றவர் அடிக்கிற வேலை. அதற்கு ஒரு சிறிய துண்டு அச்சடித்தோம். பெயர், எத்தனை பக்கம், எத்தனை கொப்பி, ஒரு பக்கமா இரு பக்கமா, எப்போது வேண்டும். துண்டு இல்லாமல் மெஷினில் எந்த வேலையும் ஏறக்கூடாது என்று மூவருக்கும் சொன்னோம். அடுத்த இரண்டு வாரத்தில் தம்பியின் 13, 9 ஆகக் குறைந்தது. ஆக நாலு பிழை ஆளுடையது அல்ல, முறையுடையது.

தாமதத்தின் காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது. அவருடைய வாப்பா காலையில் கடலுக்குப் போய்விடுவார். தங்கச்சியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது இவர். தங்கச்சியின் பள்ளிக்கூடம் ஊரின் மறுகோடியில். வேலை நேரத்தை 8 மணியிலிருந்து மாலை 5.30 வரை என்று மாற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் பிந்தவில்லை. இதை முன்கூட்டிக் கேட்காமல் “நேரத்துக்கு வருவதில்லை” என்று கடிதத்தில் எழுதியிருந்தால், தங்கச்சியைப் பள்ளியில் விட்ட குற்றத்துக்கு எச்சரித்ததாக இருந்திருக்கும்.

மிச்சம் நின்றது பக்க ஒழுங்கும், முடித்த வேலையைச் சரிபார்க்காமல் கொடுப்பதும். இதில் முறையிலும் நேரத்திலும் பிழை இல்லை. இங்கேதான் அவரோடு பேச வேண்டியிருந்தது.

*முதல் பேச்சு*

பேசுவதற்கு முன் நாங்கள் நாலு விஷயத்தை முடிவு செய்தோம். ஒன்று, பேசுவது ஒருவர் மட்டும். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒரு பிள்ளையிடம் பேசினால் அது பஞ்சாயத்து. சம்பளம் யார் கையால் போகிறதோ அவரே பேச வேண்டும் என்று மச்சானை விட்டோம். இரண்டு, கடை பூட்டிய பிறகு, மற்ற இருவரும் போன பிறகு. மூன்று, பிழை நடந்த அன்றைக்கு அல்ல, சூடு ஆறிய மறுநாள். நாலு, கால் மணி நேரத்துக்கு மேல் இல்லை. நீண்டால் பழைய கதையெல்லாம் வரும்.

மச்சான் கொப்பியை விரித்து வைத்து இப்படித்தான் தொடங்கினார்: “தம்பி, உங்கட வேலையைப் பற்றித்தான் கதைக்கக் கூப்பிட்டன். டைம் விஷயம் சரியாயிட்டு, சந்தோஷம். ஆனா இந்த ரெண்டு வாரத்துல ஒன்பது வேலை திரும்பி வந்திருக்கு. ஆறு, பக்கம் மாறினது. இது இப்படியே போனா கடைக்குத் தாங்காது. ஏன் நடக்குது எண்டு நீங்க நினைக்கிறீங்க?”

கேள்வியோடு நிறுத்திவிட்டு அவர் சும்மா இருந்தார். இதுதான் கஷ்டமான பகுதி. மௌனம் தாங்காமல் முதலாளியே பதிலையும் சொல்லிவிடுவது வழக்கம். தம்பி கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “காக்கா, கவுண்டர்ல ஆள் கூப்பிட்டா நான் எழும்பிப் போயிருறன். திரும்பி வரக்குள்ள எது வரைக்கும் அடுக்கினன் எண்டு தெரியாமப் போகுது.”

அதற்கு ஒரு வழி உடனே பேசினார்கள். பைண்டிங் வேலை கையில் இருக்கும்போது கவுண்டருக்கு எழும்புவதில்லை. முடித்த ஒவ்வொரு பிரதியையும் மூலத்தோடு வைத்து முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் பார்த்து, துண்டில் சிறிய கையொப்பம் வைப்பது. வேறு உதவி வேண்டுமா என்று கேட்டதற்கு, இரு பக்கம் அடிக்கும்போது தாளை எப்படிப் போடுவது என்று இன்னொரு முறை காட்டச் சொன்னார். அடுத்த நாள் காலை அரை மணி நேரம் காட்டப்பட்டது.

அன்றிரவே ஒரு சிறிய கடிதம் எழுதி மறுநாள் கொடுத்தோம். அதை அப்படியே தருகிறோம், யாருக்காவது உதவும்:

“கடந்த இரண்டு வாரத்தில் நீங்கள் செய்த வேலைகளில் 9 திரும்பச் செய்யப்பட்டன. அவற்றில் 6 பக்க ஒழுங்கு மாறியவை, 3 எண்ணிக்கை குறைந்தவை. இது பற்றி நேற்று நாம் பேசினோம். பைண்டிங் நேரத்தில் கவுண்டருக்கு அழைக்கப்படமாட்டீர்கள் என்றும், இரு பக்கப் பிரதி எடுப்பது மீண்டும் காட்டித் தரப்படும் என்றும் நாங்கள் ஒப்புக்கொண்டோம். ஒவ்வொரு வேலையையும் சரிபார்த்துத் துண்டில் கையொப்பமிடுவதாக நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். இரண்டு வாரத்தில் திரும்பும் வேலை 4க்கு மேற்படக்கூடாது என்பது எதிர்பார்ப்பு. நான்கு வாரம் கழித்து மீண்டும் பேசுவோம். இதில் ஏதாவது பிழையாக எழுதப்பட்டிருந்தால் கீழே எழுதித் தாருங்கள்.”

இதில் “கவனயீனம்”, “பொறுப்பில்லை”, “அக்கறை இல்லை” என்ற சொற்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை எல்லாம் ஆளைப் பற்றிய தீர்ப்பு. அவற்றை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நிரூபிக்கவும் முடியாது. ஆறு புத்தகத்தில் பக்கம் மாறியது என்பதை இருவரும் ஒரே மாதிரிப் பார்க்கலாம். 4 என்ற இலக்கும் எங்கள் ஆசைக்கு வைத்த எண் அல்ல. அதே கடையில், அதே மெஷினில் மற்றவர் எட்டுகிற எண். அது தம்பிக்கும் தெரியும். கடைசி வரியும் முக்கியம். அவர் பக்கத்தை எழுத இடம் கொடுத்தால்தான் அது எச்சரிக்கைக் கடிதம், இல்லாவிட்டால் அது வெறும் கட்டளை.

*நாலு வாரம், பிறகு இன்னொரு நாலு வாரம்*

கடிதம் கொடுத்துவிட்டு நாலு வாரம் பேசாமல் இருப்பது பொறி வைப்பதுபோல. வியாழக்கிழமை மாலை பத்து நிமிடம் மச்சானும் தம்பியும் கொப்பியைப் பார்ப்பார்கள். முதல் இரண்டு வாரத்தில் 6. “குறைஞ்சிருக்கு தம்பி” என்று மச்சான் சொன்னார், அது உண்மை. அடுத்த இரண்டு வாரத்தில் 8. துண்டில் கையொப்பம் இருந்தது, ஆனால் பார்க்காமல் போட்ட கையொப்பம்.

அந்த வாரத்தில்தான் ஒரு பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாளில் மூன்றாம் பக்கம் விடுபட்டது. பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகள் கை உயர்த்திய பிறகுதான் தெரிந்தது. ஓர் ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் ஓடி வந்தார். 120 பிரதி திரும்ப அடித்து, காசு வாங்காமல் கொடுத்தனுப்பினோம். அந்தப் பாடசாலையின் வேலை போனால் எங்கள் மாத வருமானத்தில் பெரிய ஓட்டை விழும். மற்ற இருவரின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. ஒருவருக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று காலவரையறை இல்லாமல் போனால், அதன் விலையை ஒழுங்காக வேலை செய்கிற மற்ற இருவர் கட்டுகிறார்கள். இந்தப் பக்கத்தையும் யோசிக்கத்தான் வேண்டும்.

அன்றைக்கு மச்சான் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து இரண்டாவது பேச்சு. அதில் முதல் பேச்சில் இல்லாத ஒரு விஷயம் இருந்தது: “தம்பி, மறைக்காமச் சொல்லுறன். அடுத்த நாலு வாரத்துலயும் இது மாறாட்டி, உங்கள இந்த வேலையில வைச்சிருக்க ஏலாது.” கடிதத்திலும் அதே வசனம், திகதியோடு.

பலர் இந்த இடத்தில் தயங்குவார்கள். “பார்ப்போம்”, “யோசிக்க வேண்டி வரும்” என்று பூசி மெழுகுவார்கள். கேட்பவருக்கு அது எச்சரிக்கையாகவே படாது. நாலு வாரம் கழித்து நிறுத்தும்போது “ஒரு வார்த்தை சொன்னீங்களா?” என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. வேலை போகக்கூடும் என்பதை முன்கூட்டித் தெளிவாகச் சொல்வது கொடுமை அல்ல. வேறு வேலை தேட அவருக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

இதற்கிடையில் அவரை முழுநேரம் கவுண்டரில் போட முடியுமா என்றும் கணக்குப் பார்த்தோம். அவருக்குப் பொருத்தமான இடம் அதுதான். ஆனால் கவுண்டரை ராத்தா பார்க்கிறார், அங்கே இரண்டாவது ஆளுக்கு வேலை இல்லை. பத்துப் பேர் உள்ள இடமென்றால் இடம் மாற்றிக் கொடுக்கலாம். மூன்று பேர் உள்ள கடையில் அந்தக் கதவு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். இதையும் தம்பியிடம் சொன்னோம். முயன்று பார்த்தோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாலு வாரமும் முடிந்தது. 7, பிறகு 7.

*நிறுத்திய நாள்*

வியாழக்கிழமை மாலை, வழமையான அதே நேரம். மச்சான் சுற்றி வளைக்கவில்லை. “தம்பி, கொப்பியை நீங்களும் பார்த்துட்டுத்தான் வாறீங்க. நாம பேசின அளவுக்கு வரல்ல. வேலையை இத்தோட முடிப்பம் எண்டு முடிவெடுத்திருக்கிறன்.” முதல் ஒரு நிமிடத்துக்குள் முடிவு சொல்லப்பட்டுவிட வேண்டும். முன்னுரை நீண்டால் அவர் இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். அவர் கெஞ்சுவார், முதலாளி தடுமாறுவார், இருவருக்கும் அவமானம்.

தம்பி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “எனக்குத் தெரியும் காக்கா” என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு காசுக் கணக்கு. ஒரு தாளில் முன்பே எழுதி வைத்திருந்தோம். அந்த மாதம் வேலை செய்த நாட்களுக்கான சம்பளம். ஒரு மாத முன்னறிவித்தல், அதை வேலை செய்தும் கழிக்கலாம், வேலை செய்யாமல் 40,000 ரூபாய்ச் சம்பளமாகவும் எடுக்கலாம், தெரிவு அவருடையது. எடுக்காமல் மிச்சமிருந்த லீவுக்கான காசு. அவர் வாங்கியிருந்த முன்பணம் 15,000 ரூபாயை அவருடைய எழுத்துமூலச் சம்மதத்தோடு கழித்தோம். வீணான தாளுக்கும் டோனருக்கும் ஒரு சதம்கூடக் கழிக்கவில்லை. பிழையான வேலையின் நட்டம் கடையின் நட்டம். நினைத்தபடி சம்பளத்தில் வெட்டுவதைச் சட்டமும் அனுமதிப்பதில்லை. அவர் முன்னறிவித்தல் காசை எடுத்துக்கொண்டார். வேலை போகிறது என்று தெரிந்த ஒருவர் ஒரு மாதம் கஸ்டமர் முன்னால் நிற்பது கஷ்டம்தானே. காசு முழுவதும் அன்றே அவர் கையில் கொடுக்கப்பட்டது. ஒருவருடைய ஹக்கை “அடுத்த வாரம் வாங்க” என்று அலைக்கழித்தால் நியாயமான முடிவும் அநியாயமாகிவிடும்.

கூடவே இரண்டு தாள். ஒன்று, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்ன வேலை செய்தார் என்ற சேவைக் கடிதம். அதில் அவர் நேர்மையானவர், கஸ்டமர்களோடு நன்றாகப் பழகுவார் என்று எழுதினோம். இரண்டும் உண்மை. பைண்டிங்கில் கெட்டிக்காரர் என்று எழுதவில்லை. மற்றது ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதியம் இரண்டும் எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்ற விவரம்.

*சட்டம் பற்றிக் கொஞ்சம்*

“சின்னக் கடைதானே, இதுக்கெல்லாம் சட்டம் இல்லை” என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலை முடிவுறுத்தல் பற்றிய சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆகவே எங்களைப் போன்ற கடை முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகும் உரிமை ஒரே ஒருவர் வேலை செய்யும் கடையின் தொழிலாளிக்கும் உண்டு. அங்கே பார்க்கப்படுவது நிறுத்தியது நீதியானதா, நியாயமானதா என்பதுதான். இல்லை என்று கண்டால் நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம், திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லவும் முடியும். அப்போது முதலாளியின் கையில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? எங்களிடம் ஒரு கொப்பியும் இரண்டு கடிதமும் இருந்தன. சண்டைக்காக அவற்றை வைத்திருக்கவில்லை. ஆனால் அவை இருந்ததால்தான் சண்டைக்கு இடம் வரவில்லை என்று நினைக்கிறோம்.

ஊரில் நடக்கும் இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். “நீயாகவே விலகுறாய் எண்டு எழுதித் தா” என்று கட்டாயப்படுத்தி வாங்கும் ராஜினாமாக் கடிதம். அல்லது விலகட்டும் என்றே வேலை நேரத்தைக் குறைப்பது, ஆளை அவமானப்படுத்துவது. கட்டாயத்தின் பேரில் விலகியது என்று தெரிந்தால் நியாய சபை அதை முதலாளி நிறுத்தியதாகவே எடுக்கும். அதைவிட, அந்தப் பிள்ளையின் மனதில் அது சாகும்வரை இருக்கும்.

சேமலாப நிதியும் அப்படித்தான். ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். 40,000 ரூபாய்ச் சம்பளத்தில் தொழிலாளியின் 8 வீதம் 3,200 ரூபாய், முதலாளியின் 12 வீதம் 4,800 ரூபாய், நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியாக 3 வீதம் 1,200 ரூபாய். சேமலாப நிதி வேலையை விட்டவுடன் எடுக்கும் காசல்ல, பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில், பெண்களுக்கு 50 வயதில்தான். நம்பிக்கை நிதியக் காசுக்கு வேலையை விட்ட பின் விண்ணப்பிக்கலாம். பலருக்கு இது தெரியாது, நிறுத்தும் முதலாளியே சொல்லிக் கொடுக்க வேண்டும். இதைக் கட்டாமல் வைத்திருக்கும் கடைக்காரர் ஒருவரை நியாயமாக நிறுத்துவது பற்றி யோசிக்கும் முன் முதலில் அந்தக் கணக்கைத் தீர்க்கட்டும். பெரும்பாலான கசப்பு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாங்கள் எழுதியது வேலைத் திறன் குறைந்தவரைப் பற்றி. களவு, அடிதடி போன்றவை வேறு. அங்கே இலக்கும் அவகாசமும் கொடுப்பதில்லை. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். திறன் குறைந்தவரைக் கள்ளனைப் போல நடத்துவதும், களவைத் திறன் குறைவுபோல மூடி மறைப்பதும் இரண்டுமே பிழை.

*பிறகு*

மறுநாள் மற்ற இருவரிடமும் மச்சான் ஒரே வசனம்தான் சொன்னார்: “தம்பி இனி நம்மளோட வேலை செய்யமாட்டார், கணக்கெல்லாம் முடிச்சுக் கொடுத்திருக்கு.” கஸ்டமர் கேட்டாலும் அதே வசனம். என்ன சொல்வது என்று தம்பியிடம் முன்பே கேட்டுத்தான் அதை முடிவு செய்தோம். காரணத்தை ஊருக்குச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அடுத்த இடத்தில் அவருக்கு வேலை கிடைப்பது அந்த மௌனத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் இனிமையாக முடிந்தது என்று சொன்னால் பொய். தம்பியின் வாப்பா மூன்று நாலு மாதம் மச்சானோடு சரியாகப் பேசவில்லை. உழைக்கிற பிள்ளையின் வேலை போனால் ஒரு வாப்பாவுக்கு வருத்தம் வராமல் இருக்குமா? அதை மாற்ற நாங்கள் ஆள் அனுப்பவில்லை, விளக்கம் சொல்லவில்லை. ஒருநாள் அவர் கடைக்கு வந்து கடிதங்களைக் காட்டச் சொன்னார். “மகனைக் கேட்டுட்டு வாங்க, அவர் சொன்னா காட்டுறம்” என்றார் மச்சான். மகன் தன்னிடமிருந்த பிரதியையே காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு சலாம் சொல்லத் தொடங்கினார்.

தம்பி இப்போது ஒரு துணிக்கடையில் விற்பனையில் இருக்கிறார். அந்த முதலாளி எங்களைக் கேட்டபோது சேவைக் கடிதத்தில் எழுதியதையே சொன்னோம். எங்கள் கடையில் அந்தக் கொப்பி இன்னும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாளே அதைக் காட்டி, இரண்டு வாரத்துக்கு 4 என்பதையும் சொல்லி, நியமனக் கடிதத்தில் ஆறு மாத தகுதிகாண் காலம் என்றும் எழுதிக் கொடுத்தோம்.

கடை நடத்துகிறவர்கள், கடையில் வேலை செய்கிறவர்கள் இருபக்கத்தாரும் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.